ஆற்றோடு போன உறுதி

மலரக்காவை ஒரு கதிரையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருத்திய மனிதரை நான் இன்னும் காணவில்லை. முழுப் பெயர் சிவமலர். ஊர் கொக்குவில். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நானும் அவவும் ஒன்றாக வேலை செய்கிறோம். இடைவேளையில் நாங்கள் எல்லாரும் கோப்பியோடு இருப்போம். அவ நின்றுகொண்டே குடிப்பா, குடித்தபடியே அடுப்பைத் துடைப்பா. "அக்கா, இருங்கோ, அடுப்பு ஓடிப்போகாது" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

சமாதான காலத்தில் கலியாணம் கட்டி, இரண்டாயிரத்து நான்கில் நோர்வேக்கு வந்தவ. கணவர் குலேந்திரன் பஸ் ஓட்டுகிறார், அதிகம் கதைக்கமாட்டார். ஒரே மகன் சயூரன் பல்கலைக்கழகத்தில். முதலில் ஒஸ்லோவில் ஒரு சின்ன வாடகை வீடு, பிறகு எல்லாரையும் போல லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு. இப்படிச் சொன்னால் எல்லாருடைய கதையும் போலத்தான் இருக்கும். ஆனால் சொந்தக் காணியின் உறுதிப் பத்திரத்தைத் தன் கையாலேயே ஆற்றில் விட்ட ஆள் ஒஸ்லோவில் அவ ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

போன வருடம் கோடைக்கு முன்னர் ஒருநாள் கொக்குவிலில் இருந்து தங்கை அஜந்தா அழைத்தா. மலரக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தா. போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, பக்கத்துக் காணிக்காரன் கனடாவிலையிருந்து வந்து நிக்கிறார். மதில் கட்டப்போறாராம். கிணத்துக்கு இஞ்சாலை கயிறு பிடிச்சிருக்கிறார். கிணறு முழுக்கத் தன்ரையாம்."

"ஆர், அருளானந்தனோ? அவரின்ரை அப்பாவும் எங்கட அப்பாவும் சேர்ந்து வெட்டின கிணறெல்லோ!"

"நான் சொன்னனான். உறுதியைக் காட்டு எண்டு கேக்கிறார். அதை ஒருக்காப் படமெடுத்து அனுப்புங்கோவன்."

அந்த வீடும் காணியும் மலரக்காவுக்கு எழுதிய சீதனம். ஆனால் அதில் இருப்பது அஜந்தா. கலியாணம் கட்டவில்லை, தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தவ அவதான். வளவில் வேறு தண்ணீர் இல்லை. மதில் எழும்பினால் அஜந்தா வாளியோடு றோட்டுக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் உறுதி எழுதும்போது காணியோடு கிணற்றுப் பங்கையும் அதற்குப் போகும் வழியையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த ஒரு வரியில்தான் அஜந்தாவின் தண்ணீர் இருந்தது.

"பின்னேரம் அனுப்புறன்" என்று மலரக்கா சொன்னா.

அனுப்பவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. வீடு முழுக்கக் கிளறிவிட்டாவாம். சூட்கேஸ், நகைப்பெட்டி, மகனுடைய பழைய பள்ளிக்கூடப் பைகள், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, அரிசி வாளிக்குள்ளே. இல்லை. அந்தக் கிழமை முழுக்க அவ சமையலறையில் நடந்த நடையில் எங்களுக்கே தலை சுற்றியது. கறிக்கு இரண்டு முறை உப்புப் போட்டா. நோர்வேக் கிழவர்கள் அன்றைக்கு ருசி என்று சொல்லிச் சாப்பிட்டது வேறு கதை.

சயூரன் வேறு தாயின் எரிச்சலைக் கூட்டினான். "அம்மா, இஞ்சை வீட்டுக்கு ஆரும் பேப்பர் வைச்சிருக்கினமே? எல்லாம் கொம்பியூட்டரிலை இருக்கு. அங்கையும் பார்க்கலாம்தானே?"

"பார்க்கலாம், பார்க்கலாம். நீ போய்ப் பார்" என்று இவ சீறினா.

உறுதி எங்கே என்பது ஐந்தாம் ஆறாம் நாள்தான் தெரிந்தது. நான் அவவின் வீட்டில் தேடுவதற்கு உதவியாக நின்றேன். சாமித் தட்டைத் துடைக்கவேண்டும் என்று பிள்ளையார் படத்தைத் தூக்கியவ, அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டா. அவவை முழுசாக இருக்கக் கண்டது அன்றைக்குத்தான்.

"ஹம்சிகா, இது புதுப் படம்."

"அதுக்கென்னக்கா?"

"பழைய படத்தின்ரை பின்பலகைக்குள்ளைதான் வைச்சனான்."

வாடகை வீட்டில் இருந்த காலத்தில் கீழ்வீட்டில் கள்ளன் புகுந்திருக்கிறான். கள்ளன் அலுமாரியைப் பார்ப்பான், மெத்தையைப் பார்ப்பான், சாமிப் படத்தைத் தொடமாட்டான் என்று யோசித்து, உறுதியை மடித்துப் பிள்ளையாருக்கும் பின்பலகைக்கும் இடையில் செருகியிருக்கிறா. பிறகு வீடு மாறும்போது படத்தின் கண்ணாடி உடைந்துவிட்டது. உடைந்த சாமிப் படத்தை எங்கள் ஆட்கள் வீட்டில் வைப்பதும் இல்லை, குப்பையில் போடுவதும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். ஆக்கர்ஸ் ஆற்றங்கரைக்கு ஒரு ஞாயிறு காலை போய், ஆற்றில் குளிக்கிற நாய்களின் காலில் குத்தும் என்று கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, கற்பூரம் கொளுத்தி, தேவாரம் பாடி, பிள்ளையாரை வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறா. பின்பலகையைக் கழற்றிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நாய்க்கு இருந்த கவனம் உறுதிக்கு இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவ அழுதா. "அவளுக்கு நான் என்னத்தைக் குடுத்தனான்? வீட்டைப் பார், அம்மாவைப் பார் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். கிடந்த தண்ணியையும் ஆத்திலை விட்டிட்டன்."

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றும் சொன்னா. ஆற்றில் பொருள் போட்டதற்குப் பொலிஸ் தண்டம் அடிக்கும் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், ஊர் சிரிக்கும் என்பது.

யாழ்ப்பாணத்தில் பத்மநாதன் என்று ஒரு சட்டத்தரணியை அஜந்தா பிடித்தா. அவர் போனில் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எங்கள் ஊரில் உறுதி ஒன்றே ஒன்று இல்லையாம். உறுதி எழுதுகிற நொத்தாரிசு அதன் மூலத்தைச் சொந்தக்காரரிடம் கொடுப்பார், ஒரு பிரதியைத் தன்னிடம் வைப்பார், இன்னொரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். மூலம் தொலைந்தாலும் பதிவகத்தில் உள்ளதில் இருந்து அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம்.

"அப்ப உடனை எடுங்கோவன்!"

"எடுக்கலாம் அம்மா. ஆனா கோட்டுக்குப் போனா, மூலம் எங்கை எண்டு முதல் கேள்வி கேப்பினம். ஈடு வைச்சனீங்களோ, ஆரிட்டையும் குடுத்தனீங்களோ எண்டு கேப்பினம். அதாலை முதல்லை தங்கச்சி இஞ்சை பொலிஸிலை முறைப்பாடு குடுக்கட்டும். நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி முடிச்சு அனுப்புங்கோ. எப்பிடித் தொலைஞ்சது, ஒருத்தரிட்டையும் அடகு வைக்கேல்லை, கையளிக்கேல்லை, பிறகு கிடைச்சா ஒப்படைப்பன் எண்டு அதிலை வரவேணும். வெளிநாட்டிலை இருக்கிறபடியா எங்கட தூதரகத்திலை, அதிகாரிக்கு முன்னாலைதான் கையெழுத்து வைக்கவேணும்."

எப்படித் தொலைந்தது என்று அவர் கேட்டார். மலரக்கா இருமினா. பிறகு, "காணேல்லை" என்றா. அவர் மேலே கேட்கவில்லை. அவருடைய கந்தோரில் இருந்து இரண்டு நாளில் ஒரு வரைவு வந்தது. மூன்றாம் பந்தியில், '1995ஆம் ஆண்டு ஏற்பட்ட இடப்பெயர்வின்போது மேற்படி மூல உறுதி தொலைந்துவிட்டது' என்று இருந்தது. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் உண்மை. கந்தோரில் அந்தப் பந்தி எப்போதும் தயாராகக் கிடக்கும்போல.

"நல்லதாப் போச்சு" என்றா மலரக்கா. ஒருவரும் கேட்காமலே வந்த பொய் அவவுக்கு இனித்தது.

ஒஸ்லோவில் முன்பு தூதரகம் இருந்தது, பூட்டிவிட்டார்கள். இப்போது ஸ்டொக்ஹோமுக்குத்தான் போகவேண்டும். குலேந்திரன் அண்ணைக்கு லீவு கிடைக்கவில்லை. அவவைத் தனியே விட்டால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிடுவா என்று எனக்குத் தெரியும். நான் கூடப் போனேன்.

ரயிலில் அவ ஓரிடத்தில் இருக்கவில்லை. பெட்டிக்குப் பெட்டி நடந்தா. கோப்பி வாங்கப் போய் வாங்காமல் வந்தா. கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கைப்பையைத் திறந்து திறந்து மூடினா. ஒருவழியாகப் பிடித்து இருத்தி, "கடதாசியையாவது ஒருக்கா வாசியுங்கோ, நாளைக்குக் கையெழுத்து வைக்கிறதெல்லோ" என்றேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தா. மூன்றாம் பந்தியில் விரல் நின்றது.

"எடி, எனக்கு உறுதி எழுதினது எப்ப?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"கலியாணத்துக்கு முதல் கிழமை. ரெண்டாயிரத்து மூண்டு." முகம் வெளிறிவிட்டது. "ரெண்டாயிரத்து மூண்டிலை எழுதின உறுதியைத் தொண்ணூற்றைஞ்சிலை எப்பிடியடி துலைக்கிறது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். எதிரில் இருந்த சுவீடன்காரர் புத்தகத்தைத் தாழ்த்திப் பார்த்தார். அதோடு அஜந்தா பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியும் கைப்பையில் இருந்தது. அவ தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருந்தா: உறுதி நோர்வேயில் அக்காவிடம் இருந்தது, இப்போது காணவில்லை. பொலிஸுக்குத் தங்கை ஒன்று சொல்ல, தூதரகத்தில் அக்கா வேறொன்று சொல்லப் போகிறா. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும்.

"வருஷத்தை மாத்துவம்" என்றேன் நான். "கடைசிச் சண்டைக்கை எண்டு போடுவம்."

"அப்ப நான் இஞ்சையெல்லோ இருந்தனான்?"

"அப்ப வீடு மாறேக்கை துலைஞ்சதெண்டு போடுவம். அது அரைவாசி உண்மைதானே."

அவ எழும்பி மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டா. அன்றைக்கு ஸ்டொக்ஹோமில் அவவின் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். இடியப்பமும் சொதியும் தந்தார்கள். அவ தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினா.

காலையில் தூதரகத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண் அதிகாரி இருந்தா. கடவுச்சீட்டைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா. வரைவில் ஆண்டையும் இடப்பெயர்வையும் பேனையால் வெட்டி, 'வீடு மாறும்போது' என்று நான் எழுதியிருந்தேன். "திருத்தத்துக்குப் பக்கத்திலை நீங்களும் நானும் சுருக்கக் கையெழுத்து வைக்கவேணும்" என்றா அதிகாரி. பிறகு மலரக்காவைப் பார்த்து, "வாசிச்சனீங்களோ? இதிலை இருக்கிறதெல்லாம் உண்மை எண்டு உறுதி சொல்லுறீங்களோ?" என்று கேட்டா. தினமும் பலரிடம் கேட்கிற கேள்வி, சாதாரணமாகத்தான் கேட்டா.

மலரக்கா பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"தங்கச்சி, இதிலை 'ஒருவரிடமும் கையளிக்கவில்லை' எண்டு கிடக்கு."

"ஓம். கையளிச்சனீங்களோ?"

"ஆத்திட்டைக் குடுத்தனான்" என்றா மலரக்கா. "பிள்ளையாரோடை சேர்த்து."

அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. கள்ளன், பின்பலகை, நாய்கள், கற்பூரம், அஜந்தா, கிணறு. பின்னால் வரிசையில் நின்றவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஊர் சிரிக்கக்கூடாது என்று பயந்தவ, ஸ்டொக்ஹோமில் பாதிச் சனத்துக்கு முன்னால் தானே சொல்லி முடித்தா. எனக்கு வெட்கமாக இருந்தது. அவவுக்கு வெட்கப்பட நேரம் இருக்கவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப அதையே எழுதிக்கொண்டு வாங்கோ. இவ்வளவையும் இதிலை வெட்டித் திருத்தினா நான் எடுக்கமாட்டன். மத்தியானத்துக்கு முதல் வந்தா இண்டைக்கே முடிக்கலாம்."

பிறகு ஓடினோம். நூலகம் ஒன்றைக் கண்டுபிடித்து, நான் தட்டச்சு செய்ய அவ எனக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தா. கற்பூரம் கொளுத்தியதை எழுதவேண்டாம் என்றேன். "கொளுத்தினனான்தானே" என்றா. சண்டை பிடித்துக் கற்பூரத்தை வெட்டினேன். படத்தின் பின்பலகைக்குள் உறுதி இருந்ததும், உடைந்த படத்தை வழக்கப்படி ஆற்றில் விட்டதும், அப்போது உறுதி உள்ளே இருந்தது நினைவில் இல்லாமல் போனதும், ஈடு வைக்காததும், வேறொருவரிடமும் கொடுக்காததும், கிடைத்தால் ஒப்படைப்பதும், அத்தாட்சிப் பிரதி பெறுவதற்காகவே இதைச் சொல்வதும் வரிசையாக வந்தன. மத்தியானத்துக்குள் திரும்பி ஓடி, அதிகாரிக்கு முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்து வைத்தா. முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோது எனக்கும் மூச்சு வந்தது. திரும்பி வரும் ரயிலில் அவ வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டா.

அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தால், அடுத்த இழுபறி தொடங்கியது. சத்தியக்கடதாசியைக் கூரியரில் அனுப்பினோம். பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்க உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் வேண்டும். இலக்கம் ஒருவருக்கும் தெரியாது. நொத்தாரிசு காலமாகி, அவருடைய பதிவுகளும் பதிவகத்துக்கே போய்விட்டனவாம். அப்படியென்றால் காணியின் பெயரையும் ஊரையும் வைத்துப் பதிவேட்டில் தேடவேண்டும். அதில்தான் அந்தக் காணிக்கு எழுதிய உறுதிகள் வரிசையாக இருக்கும். அஜந்தா 'மாவடி வளவு' என்று கொடுத்தா. அப்படித்தான் வீட்டில் சொல்வார்களாம். அந்தப் பெயரில் இவர்களுடைய காணி இல்லை என்று பதில் வந்தது. அதற்குள் அருளானந்தன் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிட்டார்.

நான் அன்றைக்கு லோறென்ஸ்கூக்கில் அவர்கள் வீட்டில் நின்றேன். மலரக்கா வரவேற்பறைக்கும் குசினிக்கும் இடையில் ஓடிக்கொண்டு, போனில் அஜந்தாவோடு கத்திக்கொண்டிருந்தா. "மாவடி இல்லையெண்டா என்ன பேரடி? அப்பா ஏதோ ஒரு புலம் எண்டு சொல்லுறவர்!"

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த குலேந்திரன் அண்ணை நிமிராமலே சொன்னார்: "இலுப்பையடிப்புலம். ரெண்டு பரப்பு, ஒன்பது குழி. கல்வீடும், கிணற்றில் அரைப் பங்கும், வழி வாய்க்கால் உரித்தும்."

மலரக்கா போனோடு அவர் பக்கம் திரும்பினா.

"உங்களுக்கெப்பிடித் தெரியும்?"

"நொத்தாரிசு வாசிக்கேக்கை பக்கத்திலை இருந்தனானெல்லோ."

கலியாண நாளை ஒவ்வொரு வருடமும் மறக்கிற மனிதர். சீதனக் காணியைக் குழிக் கணக்கோடு இருபத்துச் சொச்சம் வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிறார்! வேறு நாளென்றால் மலரக்கா அதைப் பிடித்து ஒரு மாதம் இழுத்திருப்பா. அன்றைக்கு அவருடைய தலையைப் பிடித்து நெற்றியில் கொஞ்சினா. அவர் ஒரு சப்பாத்தோடு அப்படியே நின்றார்.

அந்தப் பெயரில் தேடியதும் பதிவேட்டில் கிடைத்தது. அதிலிருந்து உறுதி இலக்கமும் திகதியும் வந்தன. விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, அஜந்தா பதிவகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்து, கடைசியில் பதிவாளரின் கையெழுத்தும் முத்திரையும் வைத்த அத்தாட்சிப் பிரதியை வாங்கினா. கிணற்றில் அரைப் பங்கு என்று அண்ணை சொன்னபடியே இருந்தது.

பத்மநாதன் அதையும் சத்தியக்கடதாசியையும் எடுத்துக்கொண்டு அருளானந்தனின் சட்டத்தரணியிடம் போனார். மூலம் எங்கே என்பதுதான் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி. சத்தியக்கடதாசியை வாங்கி வாசித்தாராம். மூன்றாம் பந்திக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தாராம். பிறகு பக்கத்தில் இருந்த அருளானந்தனைப் பார்த்து, "இதுக்கை கை வைக்க ஒண்டும் இல்லை. பொய் சொல்லுற ஆள் தன்னை இவ்வளவு மோட்டுத்தனமாக் காட்டமாட்டுது" என்றாராம். பத்மநாதன் போனில் இதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "தொண்ணூற்றைஞ்சு எண்டு வந்திருந்தா இண்டைக்கு எங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பினம் அம்மா. பிழை எங்கட கந்தோரிலை" என்றும் சொன்னார். அருளானந்தன் வெட்டின அத்திவாரத்தை அந்தக் கிழமையே மூடினார்.

அஜந்தா அன்றைக்குக் கிணற்றடியில் நின்று வீடியோவில் அழைத்தா. நாங்கள் சமையலறையில் நின்றோம். அவ துலாவை இழுத்துத் தண்ணீர் அள்ளிக் காட்டினா, முகத்தில் அடித்துக் கழுவினா. மலரக்கா போனைக் கையில் பிடித்தபடி அழுதா. நானும்தான்.

"அழாதேங்கோ அக்கா. எல்லாம் முடிஞ்சுது."

"முடியேல்லை. லீவு கிடைச்ச உடனை வாறன். வந்து அந்த வீட்டை உன்ரை பேரிலை எழுதுறன். அதுவரைக்கும் அந்தப் பிரதி கவனம். எங்கை வைச்சிருக்கிறாய்?"

"அதைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. களவு போகாத இடத்திலைதான் வைச்சிருக்கிறன்." அஜந்தா போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தா. சாமி அறை தெரிந்தது. விளக்கு எரிந்தது. அதற்கு மேலே சந்தனம் பூசிய பிள்ளையார் படம். "அவருக்குப் பின்னாலை."

மலரக்கா போட்ட சத்தத்தில் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்த கிழவர்கள் எல்லாரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.